போய் வா: ஒரு தாத்தாவின் கடிதம் ஆங்கிலத்துக்குப் போன கதை

கடிதம் மூன்று பக்கம். கோடு போட்ட நோட்டுத் தாள், நீல மை, இடது பக்கம் ஒரே அளவாக விட்ட ஓரம். எழுதியவர் ஒரு கமிஷன் மண்டியில் பல வருடம் கணக்கு எழுதியவர். படிக்க வேண்டியவன் அவருடைய பேரன். மேற்படிப்புக்காக அமெரிக்காவில் மின்னசோட்டாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வெளி மாநிலத்தில் வளர்ந்த பையன். தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக் கூட்டி வாசிக்கக்கூடத் தெரியாது.

அவனுடைய அம்மாதான் கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "மாமா எழுதினதை நானே வாசிச்சுக் காட்டலாம்னு பார்த்தேன் அண்ணே. ரெண்டாம் பக்கம் போறதுக்குள்ள தொண்டை அடைச்சுக்குது. அவனுக்கும் தனியா உட்கார்ந்து படிக்கணுமாம். இங்கிலீஷ்ல எழுதிக் கொடுங்க" என்றார். அலுவலகக் கடிதங்களும் சொத்துப் பத்திரங்களும் மொழிபெயர்த்துப் பழகிய கை எனக்கு. மூன்று பக்கம்தானே, ஒரு மாலை வேலை என்று நினைத்தேன். இரண்டு வாரம் பிடித்தது. முதல் வரைவு தோற்றது. அது ஏன் தோற்றது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாசிக்க வேண்டும். கடிதத்தின் தலையில் இப்படி இருந்தது:

குரோதி௵ ஆடி௴ 20௳

அந்த மூன்று குறிகளும் வருடம், மாதம், நாள் என்பதற்கான பழைய சுருக்கெழுத்துகள். கணக்கு நோட்டிலும் பத்திரத்திலும் பழகியவர்கள் கை இன்னும் அவற்றைத்தான் எழுதும். குரோதி என்பது 60 வருடச் சுழற்சியில் வரும் ஒரு வருடத்தின் பெயர். 2024 ஏப்ரலில் பிறந்த வருடம் அது. ஆடி 20 என்பது 2024 ஆகஸ்ட் 5. ஆங்கிலத்தில் அந்தத் தேதியைத்தான் போட்டேன். 'குரோதி' என்ற சொல்லுக்குக் கோபக்காரன் என்று பொருள் இருக்கிறதே என்று அதைப் பெயர்க்கப் போனால், கடிதம் திறக்கும்போதே தாத்தா சினத்தோடு உட்கார்ந்திருப்பார். பெட்டியில் கிடந்த பழைய கடிதம் என்றால் இன்னொரு எச்சரிக்கையும் வேண்டும். இதே குரோதி 1964இலும் வந்தது. வருடத்தின் பெயரை மட்டும் வைத்துத் தேதி சொல்ல முடியாது, உள்ளே இருக்கும் செய்தியையும் பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு வாசிக்கும்போது இடறிய இடம் வேறு. "உன் பெரியப்பாவோடு படித்தவர் ஒருவர் அந்த ஊரில் இருக்கிறார். ௸யாரை ஒரு நடை போய்ப் பார்" என்று இருந்தது. ௸ என்ற குறியை ஏதோ அடித்து எழுதிய கிறுக்கல் என்று அவர் தாண்டிப் போயிருந்தார். அது 'மேற்படி' என்பதன் குறி. மேற்படியார், அதாவது முன் வரியில் சொன்ன அதே ஆள். கணக்குப் பேரேட்டில் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதாமல் இருக்கப் போடுவது. இதைத் தாண்டிவிட்டால் யாரைப் பார்க்கச் சொல்கிறார் என்பதே போய்விடும். ஆங்கிலத்தில் வக்கீல் பாஷையில் ஒரு சொல் இருக்கிறது, 'தி அஃபோர்செய்ட்' என்று. அதைப் போட்டால் பொருள் சரிதான், ஆனால் தாத்தா நோட்டீஸ் அனுப்புவது போல ஆகிவிடும். அவருக்கு அது கைப்பழக்கம், விறைப்பு இல்லை. அதனால் சாதாரணமாக 'அவரை' என்றே எழுதினேன்.

பழைய எழுத்தும் கொஞ்சம் தடுத்தது. 1978இல் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் படித்தவர் என்பதால் லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருந்தன. பத்து வரி வாசித்ததும் பழகிவிடும். அங்கங்கே மெய்யெழுத்தின் புள்ளியை வேகத்தில் விட்டிருந்தார். அதையும் சொல்லின் ஓட்டத்தில் பிடித்துவிடலாம். அப்புறம், மொழிபெயர்க்கத் தொடங்கும் முன் முழுக் கடிதத்தையும் என் கையால் ஒருமுறை படியெடுத்தேன். இந்த வேலைக்கு அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. கண் தாண்டிவிடுகிற இடத்தில் கை நின்றுவிடும்.

முதல் வரைவை இரண்டு நாளில் முடித்து அனுப்பினேன். பையன் படித்துவிட்டு அம்மாவிடம் கேட்ட கேள்வி எனக்கு வந்து சேர்ந்தது: "தாத்தாவுக்கு என் மேல ஏதாவது கோபமா?"

பிழை என்று எடுத்துக்காட்ட ஒரு சொல்கூட இல்லை. அப்படியும் அந்தக் கேள்வி நியாயமானதுதான். உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். மூன்று பக்கத்தில் 17 ஏவல்கள். செய், செய்யாதே, போ, பார், பேசு. ஆங்கிலத்தில் அவை வரிசையாக 'டூ', 'டோண்ட்' என்று நின்றபோது விடுதி வார்டன் ஒட்டிய விதிகள் போல இருந்தன. தமிழில் வாசிக்கும்போது ஏன் அப்படி இல்லை? அந்த 17இல் ஒன்பது, வினையோடு 'விடு' அல்லது 'கொள்' சேர்ந்து வந்தவை. பாசம் அந்தத் துணைவினைகளில் இருந்தது. நான் அவற்றைப் பொருளில்லாத வால் என்று நினைத்து வெட்டியிருந்தேன்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். "காதை மூடாமல் வெளியே போய்விடாதே." 'போகாதே' என்றால் தடை. 'போய்விடாதே' என்பது தடை இல்லை, பயம். மறதியில் நீ போய்விடுவாயோ என்று சொல்கிறவர் மனம் அடித்துக்கொள்வது அந்த 'விடு'வில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதற்குத் துணைவினை கிடையாது, ஆனால் வழி உண்டு. 'மைண்ட் யூ டோண்ட்' என்று தொடங்கினால் அதே கவலை வருகிறது. இன்னொரு வரி: "வீட்டுப் பத்திரம் பாங்கியில் இருப்பதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே." 'கெடுக்காதே' என்றால் யாருடைய தூக்கமோ. 'கெடுத்துக்கொள்ளாதே' என்றால் நஷ்டம் உனக்குத்தான் அய்யா என்று அர்த்தம். இங்கே 'டோண்ட் கோ லூசிங் ஸ்லீப்' என்று எழுதினேன். அந்த 'கோ' வந்ததும் அதட்டல் போய், தோளில் கை போடுகிற தொனி வந்தது.

'ஆவது' என்ற இடைச்சொல்லும் இப்படித்தான். "வாரத்துக்கு ஒரு தடவையாவது பேசு. நேரம் இல்லாவிட்டால் குரலை மட்டுமாவது காட்டிவிட்டுப் போனை வை." முதல் வரைவில் 'அட் லீஸ்ட்' என்று இரண்டு முறை போட்டிருந்தேன். அகராதிப்படி குற்றமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் அது குறைந்தபட்சத் தவணை கேட்பது போல ஒலிக்கிறது. தமிழில் 'ஆவது' கெஞ்சல். கேட்பவர் தன் பங்கைக் குறைத்துக்கொண்டே வருகிறார்: ஒரு தடவை, அதுவும் முடியாவிட்டால் குரல் மட்டும். இரண்டாம் வரைவில் முதல் 'அட் லீஸ்ட்'டை எடுத்துவிட்டு, 'வாரம் ஒருமுறை பேசு, முடியாத வாரத்தில் உன் குரலை நாங்கள் கேட்கும் அளவுக்கு மட்டும் பேசு, போதும்' என்று பொருள் வரும்படி எழுதினேன். அந்தப் 'போதும்' மூலத்தில் இல்லை. 'ஆவது' சுமந்த பாரத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டுமே, அதனால் சேர்த்தேன்.

இந்த இடத்தில் ஒரு சபலம் வரும். ஏவலை மென்மையாக்க ஆங்கிலத்தில் 'ப்ளீஸ்' போதுமே என்று. நானும் ஒரு வரியில் போட்டுப் பார்த்து உடனே அடித்தேன். தாத்தா பேரனிடம் தயவுசெய்து என்று கேட்டால் அன்றைக்கே அவர் வேற்று ஆள். அவருக்கு ஏவுகிற உரிமை இருக்கிறது. அந்த உரிமையைக் குறைக்காமல் கடுமையை மட்டும் குறைக்க வேண்டும்.

முதல் வரைவில் நான் செய்த இன்னொரு தப்பு ஒரே ஓர் ஒட்டு சம்பந்தப்பட்டது. "அங்கே குளிர் எலும்பு வரைக்கும் இறங்குமாம். காலை எட்டு மணிக்குத்தான் பொழுது விடியுமாம்." 'குளிர் எலும்பு வரை இறங்கும், எட்டு மணிக்குத்தான் விடியும்' என்று நான் ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். 'ஆம்' காணாமல் போனது. இந்தத் தாத்தா கடல் தாண்டியவர் இல்லை. அமெரிக்காவைப் பற்றி அவர் சொல்லும் ஒவ்வொரு தகவலும் 'ஆம்' போட்டுத்தான் வருகிறது. யாரிடமோ கேட்டிருக்கிறார். பேரன் போகும் ஊரில் எப்படிக் குளிரும், எப்போது விடியும் என்று விசாரித்துக்கொண்டு திரிந்திருக்கிறார். அந்த அலைச்சல் எல்லாம் ஓர் ஒட்டில் அடங்கியிருக்கிறது. அது இல்லாத ஆங்கிலத்தில் அவர் வானிலை அறிவிப்பாளர்.

'தே சே' போடலாமா என்று பார்த்தேன். அது ஊர் சொல்கிறது, எனக்கென்ன என்று விலகி நிற்கிறது. 'ஐ ஆம் டோல்ட்' என்பது கேட்டவரை உள்ளே வைத்திருக்கிறது: என்னிடம் சொன்னார்கள், நான் கேட்டேன். அதை முதல் வரியில் போட்டு, இரண்டாவதில் 'என்று கேள்விப்படுகிறேன்' என்ற பொருளில் இன்னொன்றைப் போட்டேன். கடிதத்தில் 'ஆம்' ஏழு இடத்தில் வருகிறது. ஏழையும் காட்டினால் ஆங்கிலம் இழுபடும். நான்கோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன்: அவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் கலக்கவே கூடாது. பாட்டியைப் பற்றி, வீட்டைப் பற்றி எழுதும்போது நேரான வாக்கியம். வெளிநாட்டைப் பற்றி எழுதும் பத்தியில் கேள்விப்பட்டது என்ற நிழல் எங்காவது விழ வேண்டும்.

பாட்டியைப் பற்றிய வரி இது: "நீ ஆடியில் கிளம்புகிறாயே என்று உன் பாட்டிக்கு மனக்குறை. படிக்கப் போகிறவனுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன என்று நான்தான் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன்." பையனுக்கு ஆடி தெரியும். ஆடியில் புதுக் காரியம் தொடங்க மாட்டார்கள் என்பது அவனுக்கு உறைத்திருக்குமா என்பது சந்தேகம். அடிக்குறிப்பு போட மனம் வரவில்லை. சொந்தத் தாத்தாவின் கடிதத்தில் எண் போட்டு விளக்கம் இருந்தால் அது காட்சிப் பொருள் ஆகிவிடும். 'எதையும் தொடங்காத மாதமாகிய ஆடியில்' என்று நாலு சொல் உள்ளேயே செருகினேன். குடும்பக் கடிதத்தில் விளக்கம் வேண்டுமென்றால், எழுதியவரே சொல்லியிருக்கக்கூடிய அளவுக்கு, அவர் குரலிலேயே இருக்க வேண்டும்.

அதிக நாள் உட்கார வைத்தது ஒரு பத்தி. அதில் இந்த இரண்டு வரிகள் அடுத்தடுத்து வருகின்றன:

"நாங்கள் பார்க்காததையெல்லாம் நீ பார்க்கப் போகிறாய். நாம் பார்த்ததாகவே நான் எடுத்துக்கொள்வேன்."

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'வீ' தான். 'வீ' பார்க்காததை நீ பார்ப்பாய், 'வீ' பார்த்ததாக எடுத்துக்கொள்வேன் என்று எழுதினால் இரண்டாவது வரி முதல் வரிக்கே முரண்படுகிறது. முதல் வரைவில் அப்படித்தான் இருந்தது. பையன் அந்த வரியில் தாத்தா ஏதோ மறந்து எழுதிவிட்டார் என்று நினைத்தானாம். 'நாங்கள்' என்றால் நீ சேராத கூட்டம்: நானும் பாட்டியும், எங்கள் தலைமுறை. 'நாம்' என்றால் உன்னையும் சேர்த்து. முதல் வரியில் வெளியே நின்றவன் இரண்டாம் வரியில் உள்ளே வந்துவிடுகிறான். கடல் தாண்டிப் போகிறவனை வீட்டுக்குள் இழுத்துப் போட்டுக்கொள்கிற வேலையை ஒரு பெயர்ச்சொல் மாற்றம் செய்துவிட்டது. தாத்தா இதை யோசித்து எழுதியிருக்க மாட்டார். தமிழில் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் தவறியும் மாற்றிப் போட மாட்டோம்.

இதற்கு ஆங்கிலத்தில் இலக்கணம் கைகொடுக்காது, ஆட்களைத்தான் எண்ணிச் சொல்ல வேண்டும். முதல் 'நாங்கள்' இருந்த இடத்தில் 'உன் பாட்டியும் நானும்' என்று போட்டேன். 'நாம்' இருந்த இடத்தில் 'நாம் எல்லோரும், உன்னையும் சேர்த்து' என்று வரும்படி எழுதினேன். கொஞ்சம் நீளம்தான். இப்படிக் கடிதம் முழுக்க 'நாங்கள்', 'நாம்', 'எங்கள்', 'நம்' எங்கெல்லாம் வருகிறது என்று இரண்டு நிறத்தில் கோடு போட்டுப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரும்பாலும் 'நாங்கள்'. கடைசிப் பக்கத்தில் எல்லாமே 'நாம்'. அது தெரிந்த பிறகு கடைசிப் பக்கத்தை மொழிபெயர்க்கும் விதமே மாறியது. 'நம் வீடு' என்று வந்த இடத்தில் வெறும் 'ஹவுஸ்' போடாமல், 'உன்னுடையதும் எங்களுடையதுமான வீடு' என்று ஒருமுறை விரித்தேன். ஒருமுறை விரித்தால் போதும், அதற்குப் பின் வரும் 'வீ' எல்லாம் அந்த ஒளியில் படிக்கப்படும்.

'நாலு பேர்' இன்னொரு இடம். "எங்கே போனாலும் நாலு பேரைச் சம்பாதித்துக்கொள். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று மட்டும் பயந்து வாழாதே." ஒரே சொல், அடுத்தடுத்த வரி, எதிரெதிர் பொருள். முதல் நாலு பேர் கூப்பிட்டால் ஓடி வருகிறவர்கள். அதற்குள்ளே, கடைசியில் தூக்கிப் போகவும் நாலு பேர் வேண்டும் என்ற பேச்சு ஒளிந்திருக்கிறது. எந்தத் தமிழ்க் காதுக்கும் அது கேட்கும். இரண்டாவது நாலு பேர் வம்பு பேசும் ஊர். நான் முதலில் 'நண்பர்கள்' என்றும் 'மற்றவர்கள்' என்றும் பிரித்து எழுதியிருந்தேன். தெளிவாக இருந்தது, ஆனால் செத்துப்போயிருந்தது. இரண்டாம் வரைவில் நாலை நாலாகவே வைத்தேன். 'ஃபோர் பீப்பிள்' என்று ஆங்கிலத்தில் படிக்கிறவர் ஏன் நாலு என்று நிற்பார், அதனால் பக்கத்திலேயே பதில் வேண்டும். சுமக்க வேண்டியது வந்தால் தோள் கொடுக்கும் நாலு பேரைச் சம்பாதி, பேசுவதற்கென்றே இருக்கும் அந்த இன்னொரு நாலு பேருக்காகப் பயப்படாதே என்று வரும்படி அமைத்தேன். 'தோள்' என்ற சொல் பாடையை வாயால் சொல்லாமல் காட்டிவிடுகிறது. ஊருக்குக் கிளம்புகிற பிள்ளைக்குக் கொடுக்கும் கடிதத்தில் அதற்கு மேல் வெளிப்படையாக வரக்கூடாது. தாத்தாவும் சொல்லவில்லை.

ஓர் இடத்தில் ஆங்கிலம் தானாகக் கைகொடுத்தது. "கடன் வாங்கிப் படிக்கிறாய். அதை அடைக்க வழி பின்னால் தெரியும். இப்போது உன் கடன் படிப்பது ஒன்றுதான்." கடன் என்றால் வாங்கிய பணம், கடன் என்றால் கடமை. இரண்டையும் ஒரு சொல் பிடிக்காது என்று முதல் வரைவில் 'லோன்', 'டியூட்டி' என்று பிரித்திருந்தேன். பிறகுதான் 'ஓ' என்று உச்சரிக்கும் owe என்ற அந்த மூன்றெழுத்து வினைச்சொல் நினைவுக்கு வந்தது. பணமும் அதால் பாக்கி இருக்கலாம், மரியாதையும் நன்றியும் அதால் பாக்கி இருக்கலாம். கடமையைச் சொல்லும் ought என்ற ஆங்கிலச் சொல்லே அதன் பழைய இறந்தகாலம்தான். வங்கிக்கு நீ பாக்கிப்பட்டிருப்பது பின்னால் வரட்டும், இப்போது நீ பாக்கிப்பட்டிருப்பது படிப்பு ஒன்றுக்குத்தான் என்று அதே வினையை இரண்டு முறை போட்டேன். எல்லா இடத்திலும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. 'சிரஞ்சீவி'க்கு அடிக்கவில்லை. நீண்டு வாழ்க என்று ஒரு வாழ்த்தாக விரித்துத்தான் தொடங்க முடிந்தது. தாத்தா பேரனை 'அய்யா' என்று கூப்பிடுவதற்கும் இல்லை. அவன் தாத்தாவுடைய அப்பாவின் பெயரைத் தாங்கியவன். பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தன் அப்பாவைக் கூப்பிட்ட வாயால் அவனைக் கூப்பிடுகிறார். 'அய்யா'வை அப்படியே விட்டு, முதல் முறை வரும்போது 'என் தகப்பனார் பெயரைத் தாங்கியவனே' என்று பக்கத்தில் சேர்த்தேன்.

இரண்டாம் வரைவைச் சோதிக்க ஒரு வழி வைத்திருந்தேன். மூலத்தைப் பார்க்காத ஒரு நண்பரிடம் ஆங்கிலத்தை மட்டும் கொடுத்து, வாய்மொழியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். அவர் வாயில் 'போய்விடாதே' வந்தால் என் ஆங்கிலம் சரி, 'போகக்கூடாது' வந்தால் இன்னும் அதட்டல் மிச்சம் இருக்கிறது. மூன்று இடத்தில் 'கூடாது' வந்தது. அந்த மூன்றையும் மறுபடி எழுதினேன். 'நாம்', 'நாங்கள்' இரண்டையும் அவர் ஓர் இடத்திலும் மாற்றிச் சொல்லவில்லை. அப்போதுதான் நிம்மதி.

பையன் கிளம்புவதற்கு நாள் இருந்திருந்தால் விமான நிலையத்திலேயே கொடுத்திருப்பார்கள். இரண்டு வாரம் ஆனதால் அவன் போய்ச் சேர்ந்த பிறகு அம்மா படம் எடுத்து அனுப்பினார். அடுத்த நாள் அவனே என்னை அழைத்தான். "மாமா, இது தாத்தா பேசுற மாதிரியே இருக்கு. ஒண்ணு மட்டும் கேக்கணும். கடைசியில 'கோ வெல்'னு இருக்கு. தாத்தா அப்படிச் சொல்ல மாட்டாரே. 'போய் வா'ன்னுதானே எழுதியிருப்பார்?"

அப்படித்தான் எழுதியிருந்தார். கையெழுத்துக்கு மேலே தனி வரியில், இரண்டே சொல். 'கோ அண்ட் கம்' என்றால் கடைக்கு அனுப்புவது போல இருக்கிறது, 'கம் பேக்' என்றால் திரும்பி வா என்ற கட்டளை ஆகிவிடுகிறது என்று சுற்றி வளைத்து, நல்ல ஆங்கிலமாக இருக்கிறதே என்று 'கோ வெல்' போட்டிருந்தேன். 'வா' விழுந்துபோனதை நான் கவனிக்கவில்லை. நம் வீடுகளில் யாரும் யாரையும் 'போ' என்று மட்டும் சொல்லி வழியனுப்புவதில்லை. படித்தவன் அதைப் பிடித்துவிட்டான்.

பொது வாசகருக்கு என்றால் 'போ, வருவதற்காகப் போ' என்பது போல ஏதாவது ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருப்பேன். இவனுக்கு அது தேவைப்படவில்லை. எழுத்து தெரியாதே தவிர, காது தமிழ்க் காது. கடைசி வரியை அடித்துவிட்டு அந்த இரண்டு தமிழ்ச் சொல்லையும் ரோமன் எழுத்தில் அப்படியே தட்டி, விளக்கம் எதுவும் இல்லாமல், திருத்திய பக்கத்தை அன்று இரவே அனுப்பினேன்.